இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அத்தைக்கு என்ன சமைப்பது?

மீனா ஈரோடு:
அத்தைக்கு வயது 64, எடை 52 கிலோ. வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கம் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறதுங்க. முட்டை சாப்பிடுவார், கறி மீன் கிடையாது. சர்க்கரை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. தைராய்டு மாத்திரை பல வருஷமாக உண்டு. இப்போது கால்சியம் மாத்திரையும், வாரம் ஒரு விட்டமின் டி பாக்கெட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். காலை ரெண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், சாயங்காலம் டீ, ராத்திரி கஞ்சி. இதற்கு மேல் இறங்கவில்லை. இந்த நிலையில் இருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள், எது உண்மையிலேயே உடம்பில் ஒட்டியது என்று சொல்லுங்கள்.

சபரி:
ஆட்டுக்கால் சூப்தான். வாரம் மூணு நாள், நாலு மணி நேரம் கொதிக்க வைத்து, மிளகு தூக்கலாகப் போட்டுக் கொடுங்க. எலும்புக்கு எலும்புதான் மருந்து. அத்தை கறி சாப்பிட மாட்டாங்கன்னா மூணு வேளையும் ராகிக் கூழ் போதும், கால்சியம் கொட்டிக் கிடக்கு.

உமா (உணவியல்):
மீனா, நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் கால்சியத்தைவிடப் பெரிய ஓட்டை புரதம். இட்லி, ரசம் சாதம், கஞ்சி எல்லாம் சேர்த்தால் நாளைக்கு 25 கிராம் தேறுவதே கஷ்டம். இந்த வயதில், ஆபரேஷனும் ஆகிப் படுத்திருப்பவருக்குக் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும். 52 கிலோவுக்கு 62 கிராம். எலும்பு என்பது சுண்ணாம்பு மட்டும் இல்லை. முதலில் புரதத்தால் ஒரு வலை பின்னி, அதன் மேல்தான் கால்சியம் படியும். அதோடு படுக்கையில் கிடக்கும்போது தொடைத் தசை வேகமாகக் கரையும். அது கரைந்தால் எலும்பு கூடினாலும் எழுந்து நடக்கப் பலம் இருக்காது.

சபரி சொன்ன ராகி பாதி சரி. நூறு கிராம் மாவில் 350 மில்லிகிராமுக்குக் கிட்ட கால்சியம் உண்டு. ஆனால் ஒரு டம்ளர் கூழில் போவது 25, 30 கிராம் மாவுதான். புரதம் ரெண்டு கிராம்தான் வரும். மூணு வேளையும் கூழ் குடித்தால் வயிறு தண்ணீரில் நிறைந்துவிடும், வேறு எதுவும் இறங்காது.

சூப்பில் கால்சியம் மிகக் குறைவு. எத்தனை மணி நேரம் கொதித்தாலும் எலும்பின் சுண்ணாம்பு தண்ணீரில் பெரிதாக இறங்குவதில்லை. ஆறினால் உறையும் அந்தப் பசை புரதம்தான், ஆனால் அதை மட்டும் வைத்துத் தசை கட்ட முடியாது. கறி சாப்பிடுகிறவர்கள் சூப்பை வடித்து வைத்துவிட்டு, அதிலிருக்கும் கறியைச் சாப்பிடுவதே மேல்.

ராஜாமணி:
எனக்கும் ரெண்டு முழங்காலும் வலிதான் அம்மா. படி ஏறினால் கடகடவென்று சத்தம். இதே சாப்பாடு எனக்கும் கேட்குமா? முருங்கைக்கீரை தினம் சாப்பிடுகிறேன்.

உமா (உணவியல்):
ஐயா, உங்களுடையது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், இது முறிவு. இரண்டுக்கும் கணக்கு வேறு. எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கீரையை நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறவராக இருந்தால் மட்டும், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பிரியா சமையல்:
ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சமைத்து அனுப்புவதுதான் என் வேலை. மீனா, அத்தைக்கு ஒரு நாள் கணக்கை அப்படியே எழுதுகிறேன். கிராம் எல்லாம் வேகாத பொருளின் எடை.

காலை எட்டு மணிக்கு ரெண்டு பருப்பு அடை. 30 கிராம் பருப்பு (கடலை, துவரை, பாசி கலந்து), 20 கிராம் அரிசி. கூடவே ஒரு வேகவைத்த முட்டை. 14 கிராம் புரதம் வந்துவிடும். அடை தடிமனாக இருந்தால் பல்செட் போட்டவர்களால் மெல்ல முடியாது. மாவை நைசாக அரைத்து, மெலிதாக ஊற்றி, மூடி வைத்து வேகவிடுங்கள்.

பதினொரு மணிக்கு 200 மில்லி பாலில் ரெண்டு மேசைக்கரண்டி கொழுப்பில்லாத பால் பவுடர். எனக்குத் தெரிந்து பசியில்லாதவர்களுக்கு இதைவிட லேசான வழி இல்லை. குடிக்கும் அளவு கூடுவதில்லை, ஆனால் புரதம் 11 கிராமும் கால்சியம் 400 மில்லிகிராமுக்கு மேலும் போகும். பவுடரை முதலில் கொஞ்சம் ஆறின பாலில் விழுதாகக் குழைத்துவிட்டு, பிறகு வெதுவெதுப்பான பாலில் கலக்குங்கள். கொதிக்கிற பாலில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், மறுபடி அடுப்பில் வைத்தால் அடி பிடிக்கும். குடித்து ரெண்டு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடா என்றால் பால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது அதே பவுடரைக் கெட்டித் தயிரில் கலந்து கொடுங்கள்.

மதியம் சாதத்தைப் பாதியாக்கி, முருங்கைக்கீரை போட்ட பாசிப்பருப்புக் கூட்டு. ஒருவருக்கு 30 கிராம் பருப்பு, ஒரு கைப்பிடி கீரை. பிறகு ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். 18 கிராம். இங்கேதான் எல்லா வீட்டிலும் கோட்டை விடுகிறார்கள். நீர்க்க வைத்த சாம்பார் ரெண்டு கரண்டி ஊற்றினால் பருப்பு ஒரு ஸ்பூன் தேறாது. கரண்டியைக் கவிழ்த்தால் மெதுவாகச் சரிந்து விழும் பதம் வேண்டும். மோரும் அப்படித்தான். ஒரு கரண்டித் தயிரில் ஒரு சொம்பு தண்ணீர் என்றால் அது தாகத்துக்குத்தான்.

நாலு மணிக்கு 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், குழைய வேகவைத்து. ஆறு கிராம். ராத்திரி 50 கிராம் ராகி மாவில் அடை, தொட்டுக்கொள்ள 50 கிராம் பனீர் பொரியல். 12 கிராம். ஆக மொத்தம் 61, 62 கிராம் வரும். கால்சியம் 1,100 மில்லிகிராமை ஒட்டி நிற்கும்.

மீனா ஈரோடு:
அக்கா, இவ்வளவையும் முதல் நாளே வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார்.

பிரியா சமையல்:
வைக்காதீங்க. முதல் மூணு நாள் பதினொரு மணிப் பாலும் காலை முட்டையும் மட்டும். அது பழகினதும் கூட்டைக் கெட்டியாக்குங்கள். சுண்டல் கடைசியில்தான், வலி மாத்திரை போட்டு மலச்சிக்கல் இருக்கும்போது சுண்டல் வாயுவைக் கிளப்பும். தட்டில் சாதத்துக்கு முன்னால் கூட்டும் முட்டையும் போகட்டும். பாதியில் கையெடுத்தால் மிச்சமாவது சாதமாக இருக்க வேண்டும்.

சபரி:
பாலக்கீரையை யாரும் சொல்லலையே? அதுல கால்சியம் அதிகம்னு படிச்சேன். எள்ளுருண்டையும் நல்லது.

உமா (உணவியல்):
பாலக்கில் ஆக்சலேட் அதிகம், இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இரும்புக்கும் நாருக்கும் சாப்பிடலாம், கால்சியக் கணக்கில் சேர்க்காதீர்கள். எள் நல்லதுதான், ஆனால் முழு எள்ளாக விழுங்கினால் பெரும்பகுதி அப்படியே வெளியே போகும். வறுத்துப் பொடித்து, இட்லிப் பொடியாக ஒரு மேசைக்கரண்டி சேருங்கள்.

மீனா, உங்கள் வீட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மாத்திரை நேரம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை சரியாக ஏறாது, நல்ல அளவில் இருந்த டி.எஸ்.எச். கூடிவிடும். வீட்டில் யாரும் இதைச் சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. கால்சியம் கார்பனேட் என்று அட்டையில் இருந்தால் மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். இரும்பு மாத்திரையும் எழுதியிருந்தால் அது வேறு நேரத்தில், பாலும் டீயும் பக்கத்தில் இல்லாமல்.

விட்டமின் டி பாக்கெட் 60,000 யூனிட் என்றால் வாரம் ஒன்றுதான். தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்துவிடுகிறார்கள். தீராத தாகம், குமட்டல், மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம் என்று வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். இன்னொன்று, உணவிலேயே கால்சியம் 1,100 மில்லிகிராம் வந்துவிட்டால் கால்சியம் மாத்திரை எத்தனை தேவை என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

கடலோரம்:
தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அத்தைக்கு ஆகாது, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்கு. மீனில் கால்சியம் முள்ளில்தான். வஞ்சிரத் துண்டில் புரதம் கிடைக்கும், கால்சியம் ரொம்பக் கொஞ்சம். நெத்திலியை முள்ளோடு சாப்பிட வேண்டும். சாளையைச் சுத்தம் செய்து, புளிக்கரைசலும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுக் குக்கரில் சிறுதீயில் அரை மணி நேரம் விட்டால் நடுமுள் விரலால் நசுக்கினால் மாவாகும். நசுங்கவில்லை என்றால் இன்னும் பத்து நிமிஷம். பல் இல்லாதவர்களுக்கு நசுக்கிப் பார்க்காமல் பரிமாறக் கூடாது. கருவாடு என்றால் ரெண்டு மூணு தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தாலும் உப்பு நிற்கும், பிரஷர் இருப்பவர்களுக்கு வேண்டாம்.

ராஜாமணி:
பிரண்டையை ஒருத்தரும் சொல்லவில்லை. அதன் பெயரே வஜ்ரவல்லி. எங்கள் ஊரில் எலும்பு முறிந்தால் முதலில் பறிப்பது அதைத்தான்.

பிரியா சமையல்:
துவையலாகக் கொடுக்கலாம் ஐயா, பசியைத் தூண்டும். இளந்தண்டாகப் பார்த்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி சேர்த்து அரைக்க வேண்டும். அரைகுறையாக வதக்கினால் நாக்கும் தொண்டையும் அரிக்கும்.

உமா (உணவியல்):
துவையலில் எனக்கு ஆட்சேபமில்லை. ஒரு ஸ்பூன் துவையலில் கால்சியம் கணக்கில் வராது என்பதால் பாலையும் முட்டையையும் விட்டுவிட்டு இதை நம்பக் கூடாது. பிரண்டைப் பொடி, கேப்சூல் என்று கடையில் வாங்கி மற்ற மாத்திரைகளோடு சேர்ப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான்.

ராஜாமணி:
நீங்கள் அளந்து பார்க்கிறீர்கள், நாங்கள் பார்த்து வளர்ந்தோம். சரி, துவையல் வரைக்கும் ஒத்துப்போகிறோமே.

மீனா ஈரோடு:
பனீர் வீட்டில் செய்தால் கால்சியம் அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்கிறார்களே, உண்மையா? அத்தைக்கு உடம்பு தேறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எடை மெஷினில் நிற்க முடியாது.

பிரியா சமையல்:
கொஞ்சம் போகும். எலுமிச்சையைப் பிழியப் பிழிய அதிகம் போகும், பனீரும் ரப்பராகும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டிச் சாறைத் தண்ணீரில் கலந்து, அடுப்பை அணைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். திரிந்து பச்சைத் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அந்தத் தண்ணீரைச் சூடாக்கி ராகி அடை மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள். சுடு தண்ணீரில் பிசைந்தால்தான் அடை விளிம்பு வெடிக்காது.

உமா (உணவியல்):
முறியாத காலின் கெண்டைச்சதையின் சுற்றளவை வாரம் ஒருமுறை, அதே இடத்தில், நூலால் அளந்து குறித்து வையுங்கள். அளக்கும் காலில் வீக்கம் இருந்தால் இந்தக் கணக்கு தப்பும், வீக்கத்தை டாக்டரிடம் சொல்லவும் வேண்டும். ஒரு மாதத்தில் சுற்றளவு குறைந்துகொண்டே போனால், தட்டில் எது மிச்சமாகிறது என்று மூணு நாள் எழுதி இங்கே போடுங்கள்.