பரிசு தருகிறவர் நம் டோக்கன் மீது ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

இளங்கதிர்: டாலர் மதிப்பை ஒட்டி இயங்கும் கிரிப்டோ டோக்கனான யுஎஸ்டிடி 700 பரிசாகக் கிடைக்கும் என்று டெலிகிராமில் ஒரு செய்தி வந்திருக்கிறது. என் கிரிப்டோ வாலட்டை அவர்கள் தளத்தோடு இணைத்து ஒரு பரிவர்த்தனையை அப்ரூவ் செய்தால் போதுமாம். வாலட்டை மீட்க உதவும் ரகசியச் சொற்களைக் கேட்கவில்லை. நம்பலாமா?

தாமரைச்செல்வன்: ரகசியச் சொற்களைக் கேட்காதவரை அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் கருத்து. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற டோக்கன் பரிமாற்றத் தளம் தன் பழைய பயனர்களுக்கு ஒரு முகவரிக்கு 400 யுஎன்ஐ டோக்கன் வழங்கியபோது, நானும் வாலட்டை இணைத்து, பரிவர்த்தனையைப் பிளாக்செயினில் பதிவு செய்வதற்கான கேஸ் கட்டணம் செலுத்தித்தான் பெற்றேன். இணைக்கச் சொல்வதெல்லாம் மோசடி என்று ஒதுங்கியவர்கள் அன்று கைக்கு வந்ததை இழந்தார்கள்.

கயல்விழி: இணைப்பதைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், ஐயா, இணைத்த அளவில் அந்தத் தளத்துக்கு நம் முகவரியும் அதிலுள்ள இருப்பும் தெரியுமே தவிர, பணம் எதுவும் நகராது. ஆனால் அன்று நீங்கள் கையொப்பமிட்டது பிளாக்செயினில் இயங்கும் நிரலான விநியோக ஒப்பந்தத்தின் `claim` என்ற செயலுக்கு. அது உங்களுக்குத் தர வேண்டியதைத் தந்ததே ஒழிய, உங்களிடம் ஏற்கெனவே இருந்த எதன்மீதும் உரிமை கேட்கவில்லை. இளங்கதிர், எதையும் அழுத்தாமல், வாலட் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

இளங்கதிர்: மேலே "Spending cap request" என்று இருக்கிறது. அதன் கீழே USDT, தொகை Unlimited, பிறகு 0x என்று தொடங்கும் அறியாத முகவரி ஒன்று. என் வாலட்டில் 1,850 யுஎஸ்டிடி இருக்கிறது.

கயல்விழி: அப்படியானால் இதற்குமேல் ஆராய வேண்டியதில்லை, தம்பி, ரத்து செய்துவிடுங்கள். உங்களுக்கு 700 யுஎஸ்டிடி அனுப்ப அவர்களுக்குத் தேவைப்படுவது உங்கள் முகவரி மட்டுமே. இந்தப் பரிவர்த்தனையோ யுஎஸ்டிடி ஒப்பந்தத்திடம் சென்று, "இந்த முகவரி என் கணக்கிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று பதிவு செய்கிறது. இதன் பெயர் `approve`. அழுத்திய உடனே இருப்பு குறையாது என்பதால், ஒன்றும் ஆகவில்லை என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். பிறகு அவர்கள் விரும்பிய நாளில் `transferFrom` என்ற செயலைத் தங்கள் பக்கத்திலிருந்து இயக்கி 1,850-ஐயும் எடுத்துக்கொள்வார்கள்; அப்போது உங்கள் வாலட் உங்களிடம் எதையும் கேட்காது. அடுத்த மாதம் நீங்கள் புதிதாகப் போடும் யுஎஸ்டிடிக்கும் அதே அனுமதி பொருந்தும்.

முருகேசன்: நான் எதையும் அப்ரூவ் செய்யவில்லை, ஆனாலும் என் வாலட்டில் பெயர் தெரியாத டோக்கன் ஒன்று வந்து கிடக்கிறது, பெயருக்குள் ஓர் இணையதள முகவரியும் இருக்கிறது. என் வாலட்டை யாரோ கைப்பற்றிவிட்டார்களா?

கயல்விழி: இல்லை அண்ணா, யார் வேண்டுமானாலும் எந்த முகவரிக்கும் டோக்கன் அனுப்பலாம். அந்தத் தளத்துக்குப் போகாமல் இருந்தால் போதும். 2022 ஜூலையில் 70,000-க்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு இப்படித்தான் போலி டோக்கன்களை அனுப்பினார்கள். அவை யூனிஸ்வாப்பிடமிருந்தே வந்தவை போல, பரிவர்த்தனைப் பதிவுகளைக் காட்டும் எதர்ஸ்கேன் தளத்தில் தெரியும்படியும் செய்திருந்தார்கள். அதை நம்பிப் பரிசு கேட்கப் போன ஒருவர் `setApprovalForAll` என்ற ஒட்டுமொத்த அனுமதியைத் தந்துவிட்டு, யூனிஸ்வாப்பில் முதலீடு செய்திருந்த பல மில்லியன் டாலரை இழந்தார்.

தாமரைச்செல்வன்: வரம்பற்ற அனுமதி தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் தொகையைத் திருத்தி 1 யுஎஸ்டிடி என்று வைக்கலாம், வேலை முடிந்ததும் தளத்தைத் துண்டித்துவிடலாம். கேஸ் கட்டணமே கேட்காத வெறும் கையொப்பமாக இருந்தால் இந்தச் சிக்கலும் இல்லை.

கயல்விழி: தொகையைக் குறைத்தால் இழப்பும் அந்த அளவோடு நிற்கும் என்பது உண்மை. மற்ற இரண்டும் ஆபத்தான நம்பிக்கைகள். துண்டிப்பது உலாவியில் உள்ள இணைப்பை மட்டுமே நீக்கும். அனுமதி பிளாக்செயினில் பதிவானது, அதை நீக்க இன்னொரு பரிவர்த்தனை செய்து தொகையைப் பூஜ்யமாக்க வேண்டும். எதர்ஸ்கேனின் அனுமதிப் பட்டியலிலோ revoke.cash தளத்திலோ அதைச் செய்யலாம், ஆனால் அதற்கு முன்பே போன பணம் திரும்பி வராது. கையொப்பத்தைப் பொறுத்தவரை, யுஎஸ்டிசி போன்ற டோக்கன்களில் Permit என்ற வசதி இருக்கிறது: நீங்கள் காசு செலவில்லாமல் இடும் கையொப்பத்தை அவர்களே எடுத்துச்சென்று பதிவு செய்து, இதே அனுமதியைப் பெற்றுவிடுவார்கள். கட்டணம் இல்லையே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான் கையைச் சுடுகிறது.

தாமரைச்செல்வன்: ஒன்றுமில்லாத புது வாலட் ஒன்றை உருவாக்கிச் சோதித்துப் பார்ப்பதில் என்ன இழப்பு?

கயல்விழி: அந்த வாலட்டில் எடுக்க ஒன்றும் இருக்காது, உண்மை. ஆனால் "தகுதி பெறக் குறைந்தது 200 யுஎஸ்டிடி இருக்க வேண்டும்" என்று அடுத்த வரி வரும்போது, பலர் அதையும் போட்டுவிடுகிறார்கள்.

தாமரைச்செல்வன்: போடாமல் நிற்கத் தெரிந்தவருக்கு என் யோசனை பொருந்தும் என்றே இன்னமும் சொல்கிறேன்.

இளங்கதிர்: ரத்து செய்துவிட்டேன். அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிமாற்றத் தளத்துக்கு நானே கொடுத்த வரம்பற்ற அனுமதி ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தத் தளம் நம்பகமானதுதான், அதையும் நீக்கிவிடலாமா?