புகார் முடிந்தது என்கிறது கணினி, குப்பை கிடக்கிறது வாசலில்: மாவட்ட மன்றத்துக்கு எந்தத் தலைமை பொருந்தும்?

செம்பனை வாசி: பேராக்கில் ஒரு தோட்டப்புற நகரில் வசிக்கிறேன். எங்கள் மாவட்ட மன்றத்தின் முந்தைய தலைவர் இலக்கு, காலக்கெடு, மதிப்பெண் என்று கணக்கு கேட்பவர். இப்போது வந்திருப்பவர் விடியற்காலையில் குப்பை லோரிக்காரர்களோடு நின்று பேசுகிறார். ஒன்று கொடுத்து ஒன்று வாங்கும் பரிமாற்றத் தலைமையா, ஆட்களின் மனத்தையே மாற்ற முயலும் உருமாற்றத் தலைமையா, இத்தகைய சிறிய அலுவலகத்துக்கு எது பொருந்தும்?

ஓய்வுபெற்ற கிராணி: முப்பது ஆண்டுகள் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். காலைப் பெரட்டில் ஆளை எண்ணினோம். பால் கொட்டகையில் ரப்பர்ப் பாலை எடை நிறுத்தோம். நிறுத்ததற்கு ஏற்பக் கூலி கொடுத்தோம். யாருடைய மனத்தையும் நாங்கள் மாற்றவில்லை, ஆனாலும் வேலை நடந்தது. மன்றத்திலும் மூன்று நாளில் புகாரை முடிப்பவருக்கு நல்ல மதிப்பெண்ணும் முடிக்காதவருக்கு எச்சரிக்கையும் கொடுத்தால் போதும். விடியற்காலையில் லோரி அருகே நிற்பதெல்லாம் புகைப்படத்துக்கு உதவும்.

மேலாண்மை மாணவன்: ஐயா, மன்னிக்கவும். 1978இல் தலைமை பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் பர்ன்ஸ் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியபோதே, பரிமாற்றம் அந்தந்த வேலையோடு முடிந்துவிடும் என்றும், உருமாற்றம் தலைவரையும் தொண்டரையும் ஒருசேர உயர்த்தும் என்றும் எழுதினார். ஊழியர் தம் வேலையின் பொருளை உணர்ந்துவிட்டால் காலக்கெடுவே தேவைப்படாது. எனவே புதிய தலைவரின் வழிதான் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

உரிமப் பிரிவு அக்கா: வேறொரு மன்றத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றினேன், அதில் கடைசி ஆறு ஆண்டுகள் புகார்ப் பிரிவில் இருந்தேன். தம்பி பாதியில் நிறுத்திவிட்டார். 1985இல் பாஸ் என்ற மற்றோர் ஆய்வாளர் அதே கருத்தை எடுத்துக்கொண்டு, இவை ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல, நம்பத்தக்க பரிமாற்றத்தின் மேல்தான் உருமாற்றம் கூடுதல் பயன் தருகிறது என்று திருத்தினார். ஐயாவுக்கும் ஒரு கேள்வி: பாலை எடை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஓய்வுபெற்ற கிராணி: தண்ணீர் கலந்திருப்பார்கள், அம்மா. அதற்காகத்தான் மெட்ரோலாக் வைத்துப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்தோம்.

உரிமப் பிரிவு அக்கா: எங்கள் மன்றத்திலும் தண்ணீர் கலந்தது, ஐயா. மூன்று வேலை நாளில் புகாரை முடிக்க வேண்டும் என்பது விதி. குத்தகையாளர் ஒரு படம் அனுப்புவார், எழுத்தர் "முடிந்தது" என்று பதிவார், மாத அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருக்கும். ஒருமுறை அந்த மாதம் முடித்துவைத்த 60 குப்பைப் புகார்களைத் தெருவாரியாக அடுக்கிப் பார்த்தேன். 17 புகார்கள் ஒரே தாமானின் கடைசி மூன்று சந்துகளிலிருந்து, நான்கு வாரங்களுக்குள் திரும்பத் திரும்ப வந்தவை. முடித்த எண்ணிக்கையைப் பார்த்த தலைவருக்கு இது தெரியவே இல்லை, ஏனென்றால் இலக்கு தவறினால் மட்டும் தலையிடுவது அவருடைய வழக்கம். இலக்கோ ஒரு மாதமும் தவறவில்லை.

பிறகு வந்தவர் ஒரு வாரம் லோரியிலேயே ஏறிச் சுற்றினார். காரணத்தை ஓட்டுநர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். செவ்வாய் இரவு பசார் மாலாம் முடிந்து மலைபோல் கிடக்கும் குப்பையைப் புதன் காலையில் முதலில் ஏற்றுவதால், அந்தத் தாமானுக்குள் பாதி தூரம் போனதும் லோரி நிறைந்துவிடும். குப்பைமேட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வேலை நேரம் முடிந்துவிடும். நீங்கள் ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று கேட்டபோது, யாரும் கேட்கவில்லை, சொன்னால் குத்தகையாளருக்கு அபராதம் விழும், அவர் எங்கள் கூலியில் பிடிப்பார் என்றார். ஓட்டுநருக்குச் சம்பளம் தருபவர் குத்தகையாளர். குத்தகையாளரோடு கணக்குப் பார்ப்பது மன்றம். எங்கள் தண்டனை முறை உண்மை வரும் வழியையே அடைத்துவைத்திருந்தது.

மேலாண்மை மாணவன்: அப்படியானால் உருமாற்றத் தலைமை வென்றது என்றுதானே பொருள்?

உரிமப் பிரிவு அக்கா: அவர் சந்தைக் குப்பையை இரவிலேயே தனி நடையில் எடுக்கச் செய்து, அதைக் குத்தகை அட்டவணையில் எழுதிக் கையொப்பமும் வாங்கினார். அத்துடன், தடங்கலை முன்கூட்டியே தெரிவித்தால் அபராதம் இல்லை என்றும் சேர்த்தார். இரண்டு ஆண்டுகளில் அவருக்கு இடமாற்றம் வந்தது. அடுத்து வந்தவர் லோரிப் பக்கமே போகவில்லை. ஓட்டுநர்களோடு நடந்த திங்கட்கிழமைப் பேச்சு ஒரே மாதத்தில் நின்றுபோனது. இரவு நடை மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அது ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் மனிதர்களிடம் பேசித் தெரிந்துகொண்டதில், காகிதத்தில் ஏறியது மட்டுமே அவருக்குப் பின்னும் இருந்தது.

லயத்துக் குரல்: தலைவர் எவராக இருந்தாலும் எங்கள் லயத்துக்கு லோரி வருவதே இல்லை. மூன்று முறை மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டேன். இதற்கு எந்தத் தலைமை வேண்டும்?

உரிமப் பிரிவு அக்கா: அண்ணே, அது தலைமைச் சிக்கல் அல்ல, எல்லைச் சிக்கல். லயம் தோட்டத்தின் தனியார் நிலத்தில் இருக்கிறது. அங்கே வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பராமரிப்பது 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 446இன்படி நிர்வாகத்தின் கடமை. தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள். மன்றத்துக்கு எழுதினால் அது "முடிந்தது" பட்டியலில் ஒன்றாகச் சேரும்.

ஓய்வுபெற்ற கிராணி: அளவுகோல் தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் நல்ல தலைவரும் இறுதியில் ஒப்பந்தத்தைத்தானே திருத்தினார்? அது என் வழிதான்.

உரிமப் பிரிவு அக்கா: திருத்தினார், ஆனால் எதைத் திருத்துவது என்பது உங்கள் வழியில் அவருக்குத் தெரிந்திருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஐயா: தோட்டத்தில் உங்களிடம் கூலி இருந்தது, மன்றத் தலைவரிடம் அது இல்லை. ஊழியரின் சம்பளத்தைக் கூட்டவோ ஆளை நீக்கவோ அவரால் நினைத்தபடி முடியாது. அவர் கையில் இருப்பது ஆண்டு மதிப்பீடும், சிலருக்கு மட்டும் போகும் சிறந்த சேவை விருதும்தான். அந்த விருது சுற்று முறையில் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்த அலுவலகத்தில் பரிமாற்றம் பெயரளவில்தான் நடக்கும். அதற்காக மறுபக்கத்தையும் நான் முழுதாகப் புகழ மாட்டேன். உத்வேகம் மிக்க ஒருவரின் கீழ் சனிக்கிழமை தோறும் கோத்தோங் ரோயோங், இரவு பதினொன்றுக்கு வாட்சாப் செய்தி என்று ஓடி, நல்ல எழுத்தர்கள் இருவர் மாற்றல் கேட்டுப் போனதையும் பார்த்தேன்.

மேலாண்மை மாணவன்: தலைவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதும் இதில் இருக்கிறது அல்லவா? ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் 171இன்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. மக்கள் தேர்ந்தெடுக்காத தலைவரின் இலட்சியம் யாருடைய இலட்சியம்?

உரிமப் பிரிவு அக்கா: அதற்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி.

செம்பனை வாசி: எங்கள் பகுதி மன்ற உறுப்பினரை அடுத்த வாரம் சந்திக்கிறேன். புதியவரைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன கேட்க வேண்டும்?

உரிமப் பிரிவு அக்கா: எத்தனை புகார் முடிந்தது என்று கேட்காதீர்கள். முடிந்ததாகப் பதிவான புகார்களில் எத்தனை, அதே தெருவிலிருந்து 30 நாளுக்குள் மீண்டும் வந்தன என்று கேளுங்கள். இந்தக் கணக்கைப் புதிய தலைவர் முன்பே கேட்டு வாங்கியிருந்தால் லோரி அருகே நிற்பது வேலைக்காக. அடுத்த குத்தகை ஒப்பந்தத்தில் என்ன மாறப்போகிறது என்றும் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி: அந்த எண்ணை எழுத்தரிடம் கேட்காதீர்கள், தம்பி, பதிவேட்டையே கேளுங்கள்.