டைம்லேப்ஸுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

செல்வி, சேரன்மகாதேவி

எல்லாருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். தொட்டியில் பாசிப்பயறு போட்டு, அது முளைத்து நிமிர்வதைப் போனில் பிடித்து, ஐந்து நாளை அரை நிமிடத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. தாளில் மற்றதெல்லாம் தமிழில் வந்துவிட்டது. தலைப்பு மட்டும் 'டைம்லேப்ஸ்' என்று நிற்கிறது. 'வேகப்படம்' என்று போட்டுப் பார்த்தேன். உடனே ஒரு பையன், "டீச்சர், வீடியோவை ஃபார்வர்டு பண்றதா?" என்று கேட்டான். அந்தக் குழப்பம் வராத சொல்லாக வேண்டும்.

சுடலைமணி, வள்ளியூர்

அக்கா, லேப்ஸ் என்றால் வழுவுதல், நழுவுதல். லத்தீன் மூலமும் அதையேதான் சொல்கிறது. ஆகவே 'காலவழு' என்று நேராக எடுத்துக்கொள்ளலாம். பையன் கேட்டதிலும் தப்பில்லை. நான் உவரிக் கடற்கரையில் சூரியன் உதிப்பதை அரை மணி நேரம் வீடியோவாக எடுத்து, பிறகு அறுபது மடங்கு வேகமாக்கினேன். முப்பது வினாடி வந்தது. டைம்லேப்ஸும் அதுவும் ஒன்றுதான்.

சங்கரலிங்கம், பாளையங்கோட்டை

தம்பி சுடலைமணிக்கு. காலவழு என்ற வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. 'நேற்று வருவான்' என்று எழுதினால் அது காலவழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு. தமிழ் வகுப்பில் பிழை என்று படிக்கும் சொல்லை அறிவியல் வகுப்பில் செய்முறை என்று பிள்ளை எப்படிப் படிக்கும்?

இலக்கணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. ஊறுகாய் என்கிறோம். ஊறிய காயா, ஊறுகிற காயா, ஊறும் காயா? மூன்று காலமும் உள்ளே இருக்கிறது, வெளியே தெரியவில்லை. 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்பது நன்னூல். செல்வியின் படத்திலும் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே காலம் கரந்து கிடக்கிறது. ஆகவே 'காலங்கரந்த படம்'. வினைத்தொகையாகவே வேண்டுமானால் 'கரபடம்'. வினைத்தொகை என்பதால் நடுவில் வல்லினம் மிகாது, அச்சகத்தில் 'கரப்படம்' ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசக்கிமுத்து, திருநெல்வேலி டவுன்

அண்ணாச்சி சொன்னது அழகு. ஆனால் கரபடம் என்றால் எங்கள் பக்கத்தில் கையால் வரைந்த படம் என்பார்கள், இல்லை என்றால் கரப்பான் ஞாபகம் வரும். சொல்லை அப்புறம் பார்ப்போம். முதலில் பொருள் எது என்று தெளிவாகட்டும். இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுடலைமணி செய்தது அரை மணி நேரத்துக்குச் சரி. ஐந்து நாள் வீடியோ எடுக்கச் சாதாரணப் போனில் இடம் போதாது. டைம்லேப்ஸில் வேகமாக்குவது இரண்டாவது வேலைதான். எடுக்கும்போதே விட்டுவிட்டு எடுப்பது முதல் வேலை. செல்வி டீச்சரின் பயறுக்குக் கணக்குப் போடுகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் மணிக்கு 6, நாளுக்கு 144, ஐந்து நாளுக்கு 720. வினாடிக்கு 24 படமாக ஓட்டினால் 30 வினாடி. டீச்சர் கேட்ட அரை நிமிடம் வந்துவிட்டது.

சரி, ஏன் மணிக்கு ஒரு படம் போதாது? பயறு மண்ணைப் பிளந்துகொண்டு வரும்போது தண்டு கொக்கிபோல வளைந்திருக்கும். அந்த வளைவு நிமிர அரை நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட இடைவெளியில் அதற்கு 72 படம், ஓட்டினால் 3 வினாடி. கண் ரசித்துப் பார்க்கும். மணிக்கு ஒன்று என்றால் 12 படம், அரை வினாடி. வளைந்தது, நிமிர்ந்தது, நடுவே ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டிய அசைவு எத்தனை நேரம் நடக்கிறது, திரையில் எத்தனை வினாடி வேண்டும், இந்த இரண்டும்தான் இடைவெளியைத் தீர்மானிக்கும். அந்த இடைவெளிக்கும் ஒரு சொல் வேண்டும், அதை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. ஐபோனில் உள்ள டைம்லேப்ஸை இதற்கு நம்ப வேண்டாம். எடுக்க எடுக்க அது இடைவெளியைத் தானாகவே இரட்டித்துக்கொண்டு போகும். இடைவெளி நம் கையில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் `Open Camera` இலவசம். அதில் `Repeat` என்பதையும் `Repeat mode interval` என்பதையும் வைத்துக்கொண்டால் போதும்.

முருகன், தென்காசி

வணக்கம். நான் வீடு கட்டுகிறேன். அஸ்திவாரத்திலிருந்து தினமும் மத்தியானம் எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போய் ஒரு படம் எடுக்கிறேன். மூன்று மாதம் ஆயிற்று. சேர்த்து ஓட்டினால் வீடு குதிக்கிறது. தூண்கள் பிசாசு பிடித்த மாதிரி ஆடுகின்றன. இதற்கு என்ன சொல் என்பதைவிட என்ன மருந்து என்று யாராவது சொன்னால் நல்லது.

இசக்கிமுத்து

முருகன் அண்ணாச்சி, நீங்கள் செய்வதும் இதே இனம்தான், இடைவெளி மட்டும் ஒரு நாள். கையில் பிடித்து எடுத்தால் குதிக்கத்தான் செய்யும். கைப்பிடிச் சுவரில் போன் உட்காரும் இடத்தைப் பெயிண்டால் குறியுங்கள். அதே ஆப்பில் `Ghost image` என்று ஒன்று உண்டு. முந்தின நாள் படம் மங்கலாகத் திரையில் தெரியும், தூணுக்குத் தூண் பொருத்திவிட்டு எடுக்கலாம். எடுத்து முடித்த மூன்று மாதத்தைக் கணினியில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பொருத்தினால்தான் உண்டு.

ஆக்னஸ், நாசரேத்

நான் ஜெர்மனிலிருந்து மொழிபெயர்க்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. செடி வளர்வதை இப்படி முதலில் பிடித்தவர்களில் ஒருவர் லைப்சிக் நகரில் இருந்த தாவரவியலாளர் ஃபெஃபர். 1898 முதல் 1900 வரை செய்தார். அவர்கள் மொழியில் இதற்கு 'ட்சைட்ராஃபர்' என்று பெயர். ட்சைட் என்றால் காலம். ராஃபன் என்பது துணியை அள்ளிச் சேர்த்து மடிப்பது, திரைச்சீலையைச் சுருக்குகிற மாதிரி.

சேலை கட்டுகிறவளுக்கு உடனே புரியும். இரண்டு கஜத்துக்குமேல் துணி கொசுவத்தில் ஒரு கையளவாகிவிடுகிறது. வெளியே தெரிவது மடிப்பின் விளிம்பு மட்டும். துணி எங்கும் போகவில்லை, உள்ளே மடிந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு விளிம்புதான் நம் படம். ஆகவே 'காலக்கொசுவம்'. எடுப்பதற்கு வினையும் கிடைக்கிறது: காலத்தைக் கொசுவுதல்.

சங்கரலிங்கம்

அம்மா ஆக்னஸ், மனம் நிறைந்தது. கொசுவத்துக்குக் 'கொய்சகம்' என்ற பழைய வடிவமும் உண்டு. கொய்தல் என்றால் மடித்தல் என்ற பொருளும் இருக்கிறது, பறித்தல் மட்டும் இல்லை. 'காலக்கொய்வு' என்றால் இரண்டு பொருளும் சேரும். வளர்கிற செடியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு காட்சியைப் பறிக்கிறோம், பறித்ததை மடித்துச் சேர்க்கிறோம். ஆனாலும் காலங்கரந்த படத்தை நான் விடவில்லை.

சுடலைமணி

காலவழுவை விட்டுவிடுகிறேன். ஆனால் காலம் என்பதே வேண்டுமா? நம் ஊரில் பொழுது என்றால் நேரமும்தான், சூரியனும்தான். பொழுது விடிந்தது, பொழுது அடைந்தது என்கிறோம். 'பொழுதுமடிப்பு' என்றால் என் உவரிப் படத்துக்கும் பொருந்தும், பயறுக்கும் பொருந்தும். பொழுது, போழ்து, போழ்தல், அதாவது பிளத்தல். இருட்டைப் பிளந்து வருவதால்தான் சூரியனுக்கு அந்தப் பெயர் என்பது என் துணிபு.

சங்கரலிங்கம்

பொழுதும் போழ்தும் ஒன்றின் இரு வடிவம், அது சரி. போழ்தலோடு முடிச்சுப் போடுவதற்கு ஆதாரம் வேண்டும், ஓசை ஒத்தால் போதாது. காலம் என்ற சொல்லைத் தொல்காப்பியரே ஆள்கிறார், அதைத் தள்ள வேண்டியதில்லை.

செல்வி

எல்லாருக்கும் நன்றி. இதற்கிடையில் நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தேன். ஒரு நாள் படம் வந்தது. ஆனால் ஆறு வினாடியில் மூன்று வினாடி ஒரே கருப்பு. மீதி மூன்று வினாடியும் விளக்கு அணைந்து எரிகிற மாதிரி மினுக்குகிறது. தண்டு முழுக்க ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சொல்லில் 'கொசு' இருப்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இசக்கிமுத்து

டீச்சர், உங்கள் மூன்று தொல்லைக்கும் ஜன்னல்தான் காரணம். கருப்பு என்பது ராத்திரி. மினுக்கல் என்பது மேகம் போகப் போக போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானாக மாற்றிக்கொள்வது. சாய்வு, செடி வெளிச்சத்தைத் தேடுவது. ஜன்னலைக் கருப்புத் துணியால் மூடிவிட்டுத் தொட்டிக்கு நேர் மேலே ஒரு எல்.இ.டி. விளக்கை இரவும் பகலும் எரிய விடுங்கள். ஐந்து நாளுக்கு அதனால் பயறுக்குக் கெடுதல் இல்லை. அப்புறம் போனில் எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். பூட்டியும் படத்தில் கிடைமட்டக் கோடுகள் தெரிந்தால் அது விளக்கின் துடிப்பு. ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் போய்விடும்.

இந்தப் பூட்டு சுடலைமணியின் உதயத்துக்கு ஆகாது. இருட்டில் பூட்டினால் சூரியன் மேலே வந்ததும் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

கரண்டு போனால் போன் பேட்டரியில் ஓடும், விளக்கு ஓடாது. விளக்கை இன்வெர்ட்டரில் போடுங்கள். போனை ஃப்ளைட் மோடில் வைத்துச் சார்ஜரை மாட்டிவிட்டால் ஐந்து நாளும் அதை யாரும் தொடக்கூடாது. வயரில் கால் தட்டினால்கூட அந்த இடத்தில் தொட்டி துள்ளும்.

சொல்லுக்கு என் ஓட்டு 'காலச்சுருக்கப் படம்'. கேட்டவுடன் புரியும்.

ஆக்னஸ்

புரியும், ஆனால் கதைச்சுருக்கம் மாதிரியும் புரியும். கதைச்சுருக்கத்தில் எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். இங்கே யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, கடிகாரம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தன்பாட்டில் எடுக்கிறது. அந்த ஒழுங்குதான் இதன் உயிர். மடிப்பில் அது இருக்கிறது, சுருக்கத்தில் இல்லை.

முருகன்

எனக்கும் காலச்சுருக்கப் படம் சரி. கொத்தனாரிடம் சொன்னேன், அவருக்கும் புரிந்தது. பெயிண்ட் குறி போட்டுவிட்டேன்.

செல்வி

நாளை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் 'காலச்சுருக்கப் படம்' என்று போடுகிறேன், பக்கத்திலேயே டைம்லேப்ஸ் என்றும். ஆக்னஸ் அக்காவின் கொசுவத்தை விளக்கப் பத்தியில் அப்படியே சேர்த்துவிட்டேன். ஒரு பழைய சேலையை வகுப்பில் மடித்துக் காட்டப் போகிறேன். இடைவெளிக்கு 'இடையீடு' என்று எழுதியிருக்கிறேன். ஐயா ஒப்புக்கொள்வீர்களா?

சங்கரலிங்கம்

இடையீடு நல்ல சொல், ஒப்புக்கொள்கிறேன். தலைப்பை ஒப்புக்கொள்ளவில்லை. என் படிக்கு வரும் தாளில் அடித்துவிட்டுக் காலங்கரந்த படம் என்று எழுதிக்கொள்வேன்.

சுடலைமணி

அப்படியானால் ஸ்லோமோஷனுக்கு என்ன? அங்கே வினாடிக்கு 240 படம் எடுத்து மெதுவாக ஓட்டுகிறோம். காலப்பெருக்கப் படமா? கொசுவத்தை அவிழ்ப்பதற்கு ஒரு சொல் இருந்தால் அக்கா சொல்லுங்கள்.