என் ஏழு ஆட் செட்டும் ஒரே ஆளைத்தான் துரத்துகின்றனவா?

இரும்புச்சட்டி:
இரும்புத் தோசைக்கல், பணியாரக்கல் விற்கிறேன். மெட்டாவில் ஒரே கேம்பெய்னுக்குள் ஏழு ஆட் செட், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 500 ரூபாய். சமையல் ஆர்வம், சமையல் பாத்திரம், இயற்கை உணவு, வாங்கியவர்களை ஒத்த லுக்அலைக் 1%, அதிலேயே 3%, கடைத் தளத்துக்கு 30 நாளில் வந்துபோனவர்கள், எந்த வடிகட்டலும் இல்லாமல் தமிழகப் பெண்கள் 25–55. நாளுக்கு மொத்தம் ஒன்பது விற்பனை. ஒன்றுக்கு 389 ரூபாய் ஆகிறது. 330ஐத் தாண்டினால் எனக்குக் கட்டாது. எல்லாவற்றிலும் `Learning limited` என்று நிற்கிறது. என் விளம்பரங்களே ஏலத்தில் ஒன்றோடொன்று மோதி விலையை ஏற்றுகின்றனவா? எப்படிச் சேர்ப்பது?

வேலவன்:
சந்தேகமே வேண்டாம் அம்மா. ஏலக் கூடத்துக்கு ஏழு ஆட்களை அனுப்பி, அவர்களையே ஒருவரை ஒருவர் விஞ்சிக் கேட்கச் சொன்னால் விலை ஏறாமல் என்ன செய்யும்? பல கடைகளுக்கு விளம்பரம் பார்க்கிறேன். பாதிப் பேரிடம் இதே நோய். இன்றே ஐந்தை அணைத்துவிடுங்கள்.

ஏலத்துக்காரன்:
அணைக்கச் சொல்வது ஓரளவு சரி. காரணம் தவறு. ஒரே பக்கத்தின் பெயரில் ஓடும் இரண்டு ஆட் செட் ஒரே ஆளுக்கான ஏலத்துக்கு வந்தால் இரண்டையும் மெட்டா உள்ளே விடாது. ஏலத்தொகை, அந்த ஆள் வாங்குவதற்கான வாய்ப்பு, விளம்பரத்தின் தரம் மூன்றையும் வைத்து மொத்த மதிப்பு எதற்கு அதிகமோ அது மட்டும் போகும். மற்றது வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே உங்கள் ஓர் ஆட் செட் கேட்ட ஏலவிலைக்கு மேல் உங்களுடைய இன்னொரு ஆட் செட் விலை கேட்பதில்லை.

நட்டம் வேறு இடத்தில் நடக்கிறது. வாசலில் நின்றுபோன ஆட் செட்டுக்கும் அன்றைக்கு 500 ரூபாயைச் செலவழித்தாக வேண்டும். நல்ல ஆள் கைவிட்டுப் போனதால் அடுத்த தரத்து ஆளிடம் போகும், இல்லாவிட்டால் பட்ஜெட்டைச் செலவழிக்க முடியாமல் கிடக்கும். இதைவிடப் பெரியது கற்றல், அதாவது யார் வாங்குவார் என்று கருவி பழகிக்கொள்வது. ஓர் ஆட் செட் நிலைபெற வாரத்துக்கு ஏறக்குறைய 50 விற்பனை வேண்டும். உங்களுக்கு வாரம் 63 விற்பனை வருகிறது. ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பது. 50 எங்கே, 9 எங்கே? `Learning limited` என்று நிற்பது அதனால்தான்.

புதிய உறுப்பினர்:
எனக்கும் இதே பிரச்சினை. ஒரே தேடல் சொல்லை இரண்டு கேம்பெய்னில் போட்டிருக்கிறேன், எது வரும் என்றே தெரியவில்லை.

ஏலத்துக்காரன்:
நீங்கள் சொல்வது கூகுள் தேடல் விளம்பரம். இங்கே பேசுவது வேறு. அங்கேயும் ஒரே கணக்கின் இரண்டு சொற்கள் ஒன்றின் விலையை மற்றொன்று ஏற்றுவதில்லை. தனி இழையில் கேளுங்கள், வருகிறேன்.

கணக்கப்பிள்ளை:
மோதல் என்பதே மிகையான பயம் என்பது என் கட்சி. ஆயிரம் பார்வைக்கு 110 ரூபாய் என்றால் 500 ரூபாய்க்கு நாளுக்கு 4,500 பார்வை. அந்தப் பெண்கள் பட்டியலில் இருப்பவர்கள் பல லட்சம். தெப்பக்குளத்தில் இரண்டு கல் எறிந்து, இரண்டும் ஒரே மீன் மேல் விழும் என்று அஞ்சுவதுபோல் இருக்கிறது. `Show Audience Overlap` காட்டும் சதவீதத்தைப் பார்த்து எத்தனை பேர் நல்ல ஆட் செட்டை மூடினார்கள் தெரியுமா? அந்த எண் பட்டியல்களைத்தான் ஒப்பிடுகிறது. ஏலத்தில் சந்தித்தார்களா என்பது அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு எந்தப் பட்டியலை முதலில் வைக்கிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும். 1% பட்டியலின் பக்கமிருந்து பார்த்தால் ஏறக்குறைய முழுவதும் 3%க்குள் இருக்கும்; 3%இன் பக்கமிருந்து பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான்.

ஏலத்துக்காரன்:
அந்தக் கருவியைப் பற்றி முழுக்க ஒத்துக்கொள்கிறேன். தெப்பக்குள உவமைதான் இடிக்கிறது. கல் குருட்டாம்போக்கில் விழுவதில்லை ஐயா. விற்பனையை இலக்காக வைத்தால் ஏழு ஆட் செட்டும் வாங்கக்கூடியவர் யார் என்றுதான் தேடும். நாம் கொடுத்த ஆர்வங்களைத் தாண்டியும் தேடும். பல லட்சம் பேரில் இந்த வாரம் தோசைக்கல் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். ஏழும் அங்கேதான் போய் நிற்கும்.

வாதம் எதற்கு, அவர் கணக்கிலேயே பார்த்துவிடலாம். அம்மா, கடந்த ஏழு நாளுக்கு ஒவ்வொரு ஆட் செட்டின் `Reach` எண்ணையும் நீங்களே கூட்டுங்கள். பிறகு கேம்பெய்ன் வரிசையில் வரும் `Reach` எண்ணைப் பாருங்கள். ஓர் ஆள் மூன்று ஆட் செட்டின் விளம்பரத்தைப் பார்த்திருந்தாலும் கேம்பெய்ன் வரிசை அவரை ஒருமுறைதான் எண்ணும்.

இரும்புச்சட்டி:
கூட்டினால் 1,48,000. கேம்பெய்ன் வரிசையில் 97,000. மொத்தப் பார்வை 2,22,700. ஆறு ஆட் செட்டில் ஓர் ஆளுக்குச் சராசரி 1.4 முறை என்று இருந்ததால் நிம்மதியாக இருந்தேன். வந்துபோனவர்களுக்கு மட்டும் 5 முறை.

ஏலத்துக்காரன்:
2,22,700ஐ 97,000ஆல் வகுத்துப் பாருங்கள், 2.3 வரும். தனித்தனியாக 1.4 என்று சாதுவாகத் தெரிந்தது, ஆட்களின் பக்கமிருந்து பார்த்தால் 2.3. ஒரே வீட்டுக்கதவை உங்கள் ஆட்கள் மாறி மாறித் தட்டியிருக்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை:
எண்ணைப் பார்த்தபின் சற்று இறங்கி வருகிறேன். ஆனாலும் 2.3 முறை காட்டுவது குற்றமா? 900 ரூபாய்த் தோசைக்கல்லை முதல் பார்வையிலேயே யார் வாங்குகிறார்கள்? கற்றல் சிதறியது மட்டும் உண்மை நோய் என்பேன்.

மதுரை மலர்:
இடையில் என் கதையையும் கேளுங்கள். நானும் என் தம்பியும் ஒரே பித்தளை விளக்கை விற்கிறோம். அவனுக்குத் தனிப் பக்கம், தனி விளம்பரக் கணக்கு. வாடிக்கையாளர் பட்டியல் இருவருக்கும் ஒன்றுதான். எங்களையும் வாசலில் நிறுத்துமா?

ஏலத்துக்காரன்:
நிறுத்தாது அக்கா. பக்கம் வேறாகிவிட்டால் நீங்களும் தம்பியும் இரண்டு கடைக்காரர்கள்தான். இருவரும் ஏலத்துக்குள் போவீர்கள், விலையும் ஏறும். பட்டியலைப் பங்கு பிரியுங்கள், அல்லது ஒரே பக்கத்திலிருந்து ஓட்டுங்கள்.

வேலவன்:
நான் பார்த்த கடைகளில் பலவற்றுக்கு இரண்டு பக்கம் உண்டு. அதனால்தான் அப்படிச் சொன்னேன். சரி, அம்மாவுக்கு ஒரே பக்கம்தான். எல்லாவற்றையும் ஒரே ஆட் செட்டாக்கிவிடலாமே?

கணக்கப்பிள்ளை:
அங்கேதான் சண்டை பிடிப்பேன். தளத்துக்கு வந்துபோனவரையும் புதியவரையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினால் கருவி சுலபமான வேலையை முதலில் செய்யும். ஏற்கெனவே தளத்தின் கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் போனவரிடம் திரும்பத் திரும்பப் போய் விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். அறிக்கை அழகாக இருக்கும், இரண்டு மாதம் கழித்துப் புதிய முகம் ஒன்றுகூட இருக்காது.

ஏலத்துக்காரன்:
ஆகவே இரண்டு போதும். முதலாவது வடிகட்டல் இல்லாத பெண்கள் 25–55. ஆர்வங்கள் மூன்றும் லுக்அலைக் இரண்டும் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், தனியே வேண்டாம். அதிலிருந்து 180 நாளில் வாங்கியவர்களையும் 30 நாளில் வந்துபோனவர்களையும் விலக்குங்கள். தோசைக்கல் வாங்கியவர் அடுத்த மாதமே இன்னொன்று வாங்க மாட்டார். இதற்கு 3,200 ரூபாய். இரண்டாவது வந்துபோனவர்கள், வாங்கியவர்கள் நீங்கலாக, 300 ரூபாய். அந்தச் சின்னக் கூட்டத்துக்கு 500 அதிகம். ஆளுக்கு ஐந்து முறை என்பதே சொல்கிறது. இதன் மேல் `Learning limited` நின்றுகொண்டேதான் இருக்கும், பொருட்படுத்த வேண்டாம்.

முதலாவதில் வாரம் 53 விற்பனை வந்தால் அந்த 50ஐத் தாண்டும். நூலிழைதான், வராமலும் போகலாம்.

ஏழு ஆட் செட்டிலும் அதே விளம்பரங்களைத்தான் நகலெடுத்து வைத்திருப்பீர்கள். நன்றாக ஓடிய நான்கைந்தை மட்டும் வையுங்கள். புதிதாகப் பதிவேற்றாமல் பழைய பதிவின் எண்ணைக் கொடுத்தால் அதன் கீழே வாங்கியவர்கள் எழுதிய கருத்துகள் அப்படியே கூட வரும். ‘எண்ணெய் பழக்கி வந்ததா?’ என்று யாரோ கேட்டு இன்னொருவர் பதில் சொல்லியிருப்பார். அது விலைமதிப்பில்லாதது.

வேலவன்:
பட்ஜெட்டை 500இலிருந்து ஒரே நாளில் 3,200 ஆக்கினால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்குமே. 20 சதவீதமாக ஏற்றுவதுதான் முறை.

ஏலத்துக்காரன்:
20 என்பது நம்மவர்கள் வாய்வழியாகக் கடத்தும் எண். பெரிய மாற்றம் கற்றலைத் திரும்பத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் இங்கே கற்றல் முடிந்திருந்தால்தானே இழப்பதற்கு? யாரை விலக்குவது என்பதை மாற்றினாலும் திரும்பத் தொடங்கும், புது விளம்பரம் சேர்த்தாலும் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு ஏழு நாள் கை வைக்காதீர்கள். சொட்டுச் சொட்டாகச் செய்தால் மாதம் முழுக்கத் தொடக்கத்திலேயே நிற்கும்.

கணக்கப்பிள்ளை:
நன்றாக விற்கும் கணக்கு என்றால் வேலவன் சொல்வதைத்தான் கேட்பேன். நொண்டும் கணக்குக்கு ஒரே வெட்டு சரி. பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் மட்டும் வேண்டாம்.

இரும்புச்சட்டி (மூன்று வாரம் கழித்து):
சொன்னபடியே இரண்டாக்கினேன். முதல் நான்கு நாள் வயிற்றைக் கலக்கியது, ஒருநாள் மூன்றே விற்பனை. கடைசி வாரம் 24,500 ரூபாய்க்கு 71 விற்பனை, ஒன்றுக்கு 345. பெரிய ஆட் செட்டில் `Learning limited` போய்விட்டது. கேம்பெய்ன் வரிசையில் போய்ச் சேர்ந்தவர்கள் 1,21,000. இன்னும் 330க்குள் வரவில்லை.

கணக்கப்பிள்ளை:
வாழ்த்துகள். ஆனால் கடைசி வாரம் மாதத்தின் முதல் வாரம், சம்பளம் கைக்கு வந்த நேரம். 389க்கும் 345க்கும் உள்ள இடைவெளியில் எவ்வளவு இணைப்பால் வந்தது, எவ்வளவு சம்பளத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. வந்துபோனவர்கள் வரிசையை ஒரு வாரம் அணைத்துப் பாருங்கள். விளம்பரம் இல்லாமலே திரும்பி வந்து வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

வேலவன்:
அணைக்காதீர்கள் அம்மா. அந்த 300 ரூபாயில்தான் மலிவான விற்பனை வருகிறது.

இரும்புச்சட்டி:
மலிவாகத் தெரிகிறதா, மலிவாகவே இருக்கிறதா என்றுதான் எனக்கும் சந்தேகம். திங்கட்கிழமை அணைக்கிறேன். மொத்த விற்பனை எண்ணிக்கையைக் கூரியர் ரசீதுகளை எண்ணி எழுதி வைக்கிறேன். விளம்பர அறிக்கையைப் பார்க்கப்போவதில்லை.