22 டெலிவரி ஸ்டாப்: நிரல் சொல்வது 19 கி.மீ., வண்டி மீட்டரில் 28. எங்கே தப்பு?

கிடங்கு_மாம்பலம்
மளிகை டெலிவரி. கிடங்கு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. தினம் 22 வீடு, கிட்டத்தட்ட பாதி இந்தப் பக்கம், மீதி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தி.நகரில். ஒரே பைக், கிளம்பின இடத்துக்கே திரும்ப வர வேண்டும். பைத்தானில் சின்ன நிரல் எழுதினேன்: இப்போது நிற்கும் இடத்துக்கு எது பக்கமோ அங்கே போ, அங்கிருந்து அடுத்த பக்கத்து வீடு, இப்படியே கடைசி வரை. தூரத்தை ஹேவர்சைன் சூத்திரத்தில் கணக்கிடுகிறேன். 19.4 கி.மீ. என்று காட்டுகிறது. அந்த வரிசையில் ஓட்டினால் மீட்டரில் 28. டெலிவரி பையன் தன் இஷ்டத்துக்கு ஓட்டினால் 24-இல் முடிக்கிறான். நிரலில் என்ன கோளாறு?

செந்தில்92
ஹேவர்சைன் என்றால் காக்கை பறக்கிற தூரம் ப்ரோ. ரோடு வளைந்துதானே போகும். எல்லா தூரத்தையும் 1.4 ஆல் பெருக்குங்க, 27-க்கு வந்துவிடும். மற்றபடி இது என்.பி. ஹார்டு, எளிதில் தீராத வகைக் கணக்கு. 22 ஸ்டாப்பை வரிசைப்படுத்த 22! வழி. நொடிக்குப் பத்துக் கோடி வழி பார்த்தாலும் மூன்றரை லட்சம் வருஷம். அதனால் இதற்குச் சரியான விடையே எடுக்க முடியாது.

அல்கோ_ராணி
செந்தில், முதல் வரி சரி, மருந்துதான் தப்பு. எல்லா தூரத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் மொத்தம் 27 என்று காட்டும், ஆனால் வரிசை ஓர் இம்மியும் மாறாது. எது பக்கம், எது தூரம் என்ற ஒப்பீடு அப்படியே இருக்கிறதே. பைக் அதே 28 தான் ஓடும்.

ரயில் பாதைதான் வில்லன். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு வீடு வரைபடத்தில் 300 மீட்டர் தள்ளி இருக்கும். வண்டிக்கு துரைசாமி சப்வேயோ அரங்கநாதன் சப்வேயோ சுற்றித்தான் வழி. உங்கள் நிரலுக்கு அது தெரியாது, பக்கத்து வீடு என்று நினைத்துத் தண்டவாளத்தைத் தாண்டித் தாண்டி அனுப்பும். உங்கள் வரிசையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் மே அல்லது தி என்று குறித்துப் பாருங்கள். எழுத்து எத்தனை முறை மாறுகிறது?

இன்னொன்று, சரியான விடை எடுக்கவே முடியாது என்பதும் இல்லை. 22! வழியையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை. 1962-இல் வந்த ஹெல்ட்-கார்ப் முறையில் 22 ஸ்டாப்புக்குச் சுமார் 200 கோடிச் செயல்தான். C++ இல் ஒரு டீ ஆறுவதற்குள் முடியும். பைத்தானில் திணறும்.

கிடங்கு_மாம்பலம்
எண்ணிப் பார்த்தேன் மேடம். எட்டு முறை தாண்டுகிறது! பையன் ஒரே முறை போய் ஒரே முறை வருகிறான்.

வரைபடம்
அப்படியானால் முதலில் தூரப் பட்டியலை மாற்றுங்கள், வரிசை அப்புறம். சாலை வழித் தூரம் கணக்கிடும் இலவச மென்பொருள் OSRM-ஐச் சொந்தக் கணினியில் நிறுவி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை ஏற்றி, இப்படிக் கேட்கலாம்:

```
http://localhost:5000/table/v1/driving/80.222,13.038;80.234,13.042?annotations=distance
```

`annotations` போடாவிட்டால் தூரம் வராது, நொடிக் கணக்கில் நேரம்தான் வரும். கூகுள் மேப்பிலிருந்து எடுக்கும் எண்ணில் 13 முதலில் வரும், இங்கே 80 முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி வராமலேயே போகலாம். எல்லாப் புள்ளியும் வட துருவப் பக்கம் போய், உங்கள் தரவின் ஏதோ ஓரத்துச் சாலையில் ஒட்டிக்கொள்ளும். பட்டியல் முழுக்க பூஜ்யமோ நாலைந்து மீட்டரோ வந்தால் காரணம் இதுதான்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒரு ஜோடியை எடுத்து, போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றா என்று பாருங்கள். ஒருவழிச் சாலை இருக்கும் இடத்தில் ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது.

நளபாகம்_கோவை
எனக்கும் இதே பிரச்சினை. மதியச் சாப்பாடு 40 ஆபீசுக்குப் போகிறது, மூன்று வண்டி. தூரம் குறைந்த வரிசையில் அனுப்பினால் 12.30-க்குக் கேட்ட ஆபீஸ் கடைசியில் வருகிறது. என்ன செய்ய?

அல்கோ_ராணி
அது இதே பிரச்சினை இல்லை சார். உங்களுக்கு நேர வரம்பு இருக்கிறது, வண்டியும் மூன்று. தூரத்தை மட்டும் குறைக்கிற எதுவும் உதவாது. கூகுளின் இலவச நிரல் தொகுப்பு OR-Tools-இல் நேர வரம்பு கொடுக்கிற வசதி உண்டு. தனி இழை போடுங்கள், ஸ்டாப்புக்கு எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.

கிடங்குக்காரரே, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தூரப் பட்டியல் சரியானாலும், பக்கத்து வீட்டுக்குப் போகிற முறையிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. நேரான ஒரு சாலை என்று வையுங்கள். கிடங்கு நடுவில். மேற்கே 1 கி.மீ.யில் அ, 5 கி.மீ.யில் இ. கிழக்கே 2 கி.மீ.யில் ஆ, 10 கி.மீ.யில் ஈ. உங்கள் முறை முதலில் அ (1), அடுத்து ஆ (3). ஆ-விலிருந்து இ 7, ஈ 8. அதனால் இ-க்குத் திரும்பும் (7), அங்கிருந்து ஈ (15), கடைசியில் கிடங்கு (10). மொத்தம் 36.

இப்போது அ–ஆ, இ–ஈ என்ற இரண்டு இணைப்பையும் அறுத்து, நடுவில் இருக்கிற ஆ, இ இரண்டையும் தலைகீழாக்குங்கள். அறுத்தது 3 + 15 = 18. புதிதாகச் சேர்ந்தது அ–இ 4, ஆ–ஈ 8, ஆக 12. மொத்தம் 30 ஆகிவிட்டது. இந்தச் சாலையில் அதற்குக் கீழே போகவே முடியாது, இரண்டு கோடியையும் தொட்டுத் திரும்ப 30 ஓடித்தான் ஆக வேண்டும்.

இந்த அறுத்து ஒட்டும் வேலைக்குப் பெயர் டூ-ஆப்ட். லாபம் கிடைக்கிற வரை எல்லா ஜோடிக்கும் செய்து பார்ப்பது:

```python
def km(t, d):
    return sum(d[a][b] for a, b in zip(t, t[1:]))

def two_opt(t, d):          # t = [0, ..., 0]
    again = True
    while again:
        again = False
        for i in range(1, len(t) - 2):
            for j in range(i + 1, len(t) - 1):
                n = t[:i] + t[i:j+1][::-1] + t[j+1:]
                if km(n, d) < km(t, d) - 1:
                    t, again = n, True
    return t
```

இணையத்தில் கிடைக்கிற பல நிரல்கள் அறுத்த இரண்டு இணைப்பை மட்டும் கழித்துக் கூட்டும். வேகம்தான், ஆனால் ஒருவழிச் சாலை இருந்தால் பொய் சொல்லும். நடுத்துண்டைத் திருப்பினால் அதற்குள் இருக்கிற ஒவ்வொரு தூரமும் மாறுகிறதே. அதனால் மேலே முழு வழியையும் திரும்பக் கூட்டியிருக்கிறேன். 22 ஸ்டாப்புக்கு இந்தச் சோம்பேறித்தனம் தாங்கும். `- 1` என்பது ஒரு மீட்டர், தசமப் பிசிறில் சுழன்றுகொண்டே இருக்காமல் நிற்பதற்கு.

செந்தில்92
ஒரே எண்ணால் பெருக்கினால் வரிசை மாறாது என்பது உறைக்கவே இல்லை, சரிதான். ஆனால் டூ-ஆப்ட் எங்கேயாவது மாட்டிக்கொண்டு நிற்குமே?

அல்கோ_ராணி
நிற்கும். அப்போது ஒன்று முதல் மூன்று ஸ்டாப் வரை உள்ள துண்டை, திருப்பாமல் அப்படியே எடுத்து வேறு இடத்தில் செருகிப் பாருங்கள். ஒருவழிச் சாலை நிறைய இருக்கும் தி.நகர் மாதிரி இடத்தில் இதுதான் அதிகம் பலிக்கும். பத்து வேறு தொடக்க வரிசையிலிருந்து ஓடவிட்டு, குறைந்ததை வைத்துக்கொள்ளலாம்.

கிடங்கு_மாம்பலம்
சாலைத் தூரத்தில் என் பழைய வரிசையைக் கூட்டினால் 27.6, மீட்டரோடு ஒத்துப் போகிறது. டூ-ஆப்டுக்குப் பிறகு 22.9. சப்வேயை ஒரு தடவை போக, ஒரு தடவை வர, பையன் மாதிரியே. நேற்று ஓட்டினதில் மீட்டர் 23.8. மீதி 900 மீட்டர் எங்கே போச்சு?

வரைபடம்
நடுவில் தடுப்பு இருக்கிற சாலையில் வீடு வலது பக்கம் இருந்தால் யு-டர்ன் எடுத்துத்தானே வர வேண்டும். OSRM இயல்பாக எந்தப் பக்கம் நின்றாலும் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றாக `approaches=curb;curb` என்று சேர்த்தால் வீட்டுப் பக்கமே வந்து நிற்கிற தூரம் கிடைக்கும். 23 புள்ளிக்கு 23 தடவை எழுத வேண்டும். நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால், தரவை ஏற்றும்போதே `car.lua`-வில் `left_hand_driving = true` என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்ப் பக்கத்தைக் கணக்கிடும். குறுகலான தெருவுக்கு அதைப் போடாதீர்கள், பைக் சும்மா தெருவைத் தாண்டி நிற்கும். அங்கே `unrestricted` போதும்.

கிடங்கு_மாம்பலம்
போட்டுப் பார்க்கிறேன். மழை நாளில் சப்வேயில் தண்ணீர் நின்றால் பட்டியல் முழுக்கத் தப்பாகிவிடுமே, அதற்கு?

வரைபடம்
தரவில் அந்தச் சாலைத் துண்டை அடைத்து, இன்னொரு பட்டியல் தயாராக வைத்திருக்கலாம். எந்தக் காலையில் எதை எடுப்பது என்பதைப் பையனிடம்தான் கேட்க வேண்டும்.