ஃபங்ஷன் பாயிண்ட் கணக்கு: எனக்கு 37.5 வருகிறது, விடைக்குறிப்பில் 42. எங்கே தப்பு?

கடைசிநேரம்
நாளை மறுநாள் மென்பொருள் பொறியியல் தேர்வு. பழைய வினாத்தாளில் உள்ள ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன். மென்பொருளின் அளவு மொத்தம் 300 ஃபங்ஷன் பாயிண்ட், உற்பத்தித்திறன் 8, ஆக முயற்சி 37.5 ஆள்-மாதம். விடைக்குறிப்பில் 42 என்று இருக்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், வகுத்தலில் பிழை இல்லை. விடைக்குறிப்புதான் தப்பா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

செண்பகம்
கேள்வியை அப்படியே போடுங்கள். 300 என்பது திருத்தக் காரணியால் பெருக்கிய பிறகு வந்ததா, அதற்கு முன்பா? 8 என்பது கேள்வியிலேயே கொடுத்ததா, நீங்கள் கண்டுபிடித்ததா? எட்டு என்றால் எட்டு என்ன, எதற்கு எட்டு?

கணக்குப்புலி
கேள்வியே தேவையில்லை, எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. 42-ஐ 37.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.12 வரும். அதுதான் விட்டுப்போன திருத்தக் காரணி. 14 பொதுப் பண்புகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டும்போது 47 வந்திருக்கும். 0.65-உடன் 0.47-ஐக் கூட்டினால் 1.12. நீங்கள் 300-ஐ அதால் பெருக்காமல் விட்டுவிட்டீர்கள். 300 பெருக்கல் 1.12 என்றால் 336, அதை 8-ஆல் வகுத்தால் சரியாக 42. இந்தத் தப்பை என் வகுப்பில் பாதிப்பேர் செய்தார்கள்.

மூத்தநிரலர்
விடையை வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தால் எந்தக் காரணியையும் வரவழைக்கலாம், புலி. அந்தக் காரணி 0.65-லிருந்து 1.35 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும், அதனால் 1.12 பொருந்துவது ஒன்றையும் நிரூபிக்காது. கேள்வி கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: தம்பி, இது முதல் பாடத்திலேயே வரும் விஷயம். அலகு எழுதாமல் கணக்குப் போடும் பழக்கத்தை முதலில் விடுங்கள். பாதிக் கேள்வியைப் போட்டுவிட்டு முழு விடை கேட்பது இங்கே வாடிக்கையாகிவிட்டது.

ராப்பறவை
ஆள்-மாதத்தையும் மாதத்தையும் குழப்பிக்கொண்டீர்களா? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேள்வியில் இருக்குமே, அதால் வகுத்தீர்களா? 42 என்பது மாதக்கணக்காக இருக்கலாம்.

செண்பகம்
ராப்பறவை, ஆளால் வகுத்தால் எண் குறையத்தானே செய்யும்? 37.5 எப்படி 42 ஆகும்?

கடைசிநேரம்
மன்னிக்கவும், அவசரத்தில் போட்டுவிட்டேன். கேள்வி இதுதான்: "ஓர் அமைப்பில் 24 உள்ளீடுகள், 16 வெளியீடுகள், 10 வினவல்கள், 7 உள் கோப்புகள், 2 வெளி இடைமுகக் கோப்புகள் உள்ளன. அனைத்தும் சராசரிச் சிக்கல் கொண்டவை. 14 பண்புகளில் ஏழு 3 மதிப்பெண்ணும், ஏழு 2 மதிப்பெண்ணும் பெறுகின்றன. அமைப்பின் 60 சதவீதம் ஓர் அணியால் ஆள்-மாதத்துக்கு 10 ஃபங்ஷன் பாயிண்ட் வீதத்திலும், 40 சதவீதம் மற்றோர் அணியால் 5 வீதத்திலும் கட்டப்படுகிறது. மொத்த முயற்சி எவ்வளவு?"

நான் 96, 80, 40, 70, 14 என்று கூட்டி 300 கண்டுபிடித்தேன். பண்புகளின் கூட்டு 35, அதனால் காரணி சரியாக 1, 300 மாறவில்லை. அப்புறம் 10-இல் 60 சதவீதம் 6, 5-இல் 40 சதவீதம் 2, கூட்டினால் 8. சராசரி எடுப்பதை முக்கியமாக நினைக்காததால் முதலில் சொல்லவில்லை.

அளவுகோல்
நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த வரியில்தான் தப்பு இருக்கிறது. அதுவரை எல்லாம் சரி, எடைகளும் (4, 5, 4, 10, 7) காரணியும் சரி. புலி, உங்கள் 1.12 இங்கே இல்லை.

எட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு அணியையும் தனியாகப் பாருங்கள். 300-இல் 60 சதவீதம் 180 பாயிண்ட். மாதத்துக்குப் பத்து முடிக்கும் அணிக்கு அது 18 ஆள்-மாதம். மிச்சம் 120. ஐந்து முடிக்கும் அணிக்கு 24 ஆள்-மாதம்.

```
180/10 + 120/5 = 18 + 24 = 42
```

மெதுவாகப் போகும் அணி கொஞ்சம் வேலையை வைத்துக்கொண்டு அதிக நேரம் தின்கிறது. 40 சதவீத அமைப்புக்கு 42-இல் 24 ஆள்-மாதம் போகிறது, அதாவது பாதிக்கும் மேல். நீங்கள் 8 என்று சராசரி எடுத்தபோது அந்த அணிக்கு 40 சதவீத எடைதான் கொடுத்தீர்கள். வீதம் "மாதத்துக்கு இத்தனை" என்று இருக்கும்போது எடையாக வர வேண்டியது மாதங்களின் பங்கு, பாயிண்டுகளின் பங்கு அல்ல.

உங்கள் விடையை நீங்களே சோதிக்கலாம். 37.5-இல் 60 சதவீதம் 22.5 ஆள்-மாதம், பத்து வீதத்தில் 225 பாயிண்ட் ஆகிறது. மிச்சம் 15 ஆள்-மாதம், ஐந்து வீதத்தில் 75 பாயிண்ட். மொத்தம் 300 வருகிறது, ஆனால் பிரிவு 225-க்கு 75. கேள்வி கேட்டது 180-க்கு 120. ஆக நீங்கள் வேறு ஒரு கணக்கைத்தான் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். உண்மையான கூட்டு வீதம் 300-ஐ 42-ஆல் வகுத்தால் வரும், சுமார் 7.14.

வண்டிமாடு
எனக்கு இது புரியவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் பல வருடமாகப் பங்கு போட்டுச் சராசரி எடுத்துத்தான் மதிப்பீடு போடுகிறோம், பிரித்துப் போட்டாலும் அதே எண்தான் வருகிறது. போன தடவைகூட இரண்டு தொழில்நுட்பங்கள், பாயிண்ட் பங்கைப் பெருக்கிக் கூட்டினேன், தப்பு வரவில்லை. சராசரியே கூடாது என்றால் அது எப்படிச் சரியாக வந்தது?

செண்பகம்
உங்கள் வீதம் பாயிண்டுக்கு எத்தனை மணி என்றா, மாதத்துக்கு எத்தனை பாயிண்ட் என்றா?

வண்டிமாடு
பாயிண்டுக்கு மணிநேரம். எங்கள் பட்டியலில் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

அளவுகோல்
அதனால்தான் சரியாக வருகிறது. நல்ல கேள்வி கேட்டீர்கள், செண்பகம். வண்டிமாடு, இதே கணக்கை உங்கள் பாணியில் போடுகிறேன். ஓர் ஆள்-மாதம் 152 மணி என்று வைத்துக்கொள்வோம் (கோகோமோ என்ற மதிப்பீட்டு மாதிரி அப்படித்தான் கொள்ளும்). மாதத்துக்குப் பத்து என்றால் ஒரு பாயிண்டுக்கு 15.2 மணி, ஐந்து என்றால் 30.4 மணி. முதலாவதில் 60 சதவீதம் 9.12, இரண்டாவதில் 40 சதவீதம் 12.16, கூட்டினால் 21.28. அதை 300-ஆல் பெருக்கினால் 6384 மணி. 152-ஆல் வகுத்தால் 42.

வகுத்தலின் அடியில் பாயிண்ட் இருந்தால் பாயிண்டின் பங்கை வைத்துச் சராசரி எடுக்கலாம், அடியில் மாதம் இருந்தால் எடுக்கக் கூடாது. தேர்வில் இந்த யோசனையே வேண்டாம் என்றால் பகுதி பகுதியாக வகுத்துக் கூட்டிவிடுங்கள், எந்த அலகிலும் கவிழாது.

கணக்குப்புலி
சரி, இந்தக் கேள்வியில் என் ஊகம் தவறுதான். ஆனாலும் காரணியை மறப்பதுதான் தேர்வில் அதிகம் நடக்கிற தப்பு என்று இப்போதும் சொல்கிறேன். கூட்டு 35 வந்ததால் இவர் பிழைத்தார்.

மூத்தநிரலர்
அந்தக் காரணியையே நடைமுறையில் விட்டுவிட்டார்கள். ஃபங்ஷன் பாயிண்ட் எண்ணுவதற்கான ஐஎஸ்ஓ 20926 தரம் திருத்தாத அளவோடு நிற்கிறது. 14 பண்புக்கு மனம் போனபடி மதிப்பெண் போட்டு 35 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்வது அளவீடே அல்ல. இன்னும் பாடத்தில் வைத்து மாணவர்களை வாட்டுகிறார்கள்.

கணக்குப்புலி
பாடத்தில் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது. தேர்வு எழுதுகிறவரிடம் "தரத்தில் இல்லை" என்று எழுதச் சொல்ல முடியுமா? இணையச் செயல்பாடு, மறுபயன்பாடு இதெல்லாம் உழைப்பைக் கூட்டத்தானே செய்கிறது?

மூத்தநிரலர்
கூட்டுகிறது, அதை உற்பத்தித்திறன் வீதத்தில் காட்டுங்கள். அளவிலும் ஒரு தடவை, வீதத்திலும் ஒரு தடவை என்று இரட்டிப்பாக எண்ணுவதைத்தான் கண்டிக்கிறேன். பழைய திட்டங்களிலிருந்து எடுத்த வீதத்தில் அந்தச் சுமை ஏற்கெனவே உள்ளே இருக்கும்.

அளவுகோல்
அந்தக் கடைசி வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: வீதம் திருத்திய பாயிண்டில் கணக்கிடப்பட்டிருந்தால் அளவையும் திருத்தித்தான் வகுக்க வேண்டும். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் போதும். வினாத்தாள்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, காரணி கொடுத்திருந்தால் பயன்படுத்து என்பதுதான் எழுதாத விதி.

வண்டிமாடு
எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. "அமைப்பின் 60 சதவீதம்" என்பதை முயற்சியின் 60 சதவீதம் என்று ஒருவர் படித்தால் 37.5 சரியாகிவிடும் இல்லையா? அளவுகோல் சோதித்துக் காட்டியதே அதுதான்.

செண்பகம்
"அமைப்பின்" என்றால் அளவுதான். முயற்சியைக் கண்டுபிடி என்று கேட்கிற கேள்வி, தெரியாத அந்த முயற்சியின் பங்கைக் கொடுக்குமா?

வண்டிமாடு
கொடுக்கலாமே. மொத்தம் தெரியாவிட்டாலும் பங்கு தெரிந்திருக்கலாம், கணக்கும் முடிகிறது. "ஃபங்ஷன் பாயிண்டில் 60 சதவீதம்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் இந்த வாதமே எழாது. என்னைக் கேட்டால் கேள்வி சுத்தமாக இல்லை.

ராப்பறவை
அப்படியென்றால் ஆறு பேர் இருந்தால் ஏழு மாதம், இல்லையா? 42-ஐ 6-ஆல் வகுத்தேன்.

அளவுகோல்
ஆட்கள் இரண்டு அணிக்கும் மாறி மாறிப் போக முடிந்தால் ஏழு. அணிக்கு மூன்று பேர் என்று பூட்டிவிட்டால் முதல் அணி ஆறாவது மாதம் முடிக்கும், இரண்டாவது எட்டாவது மாதம் முடிக்கும், திட்டம் எட்டு மாதம். இந்தக் கேள்வியில் அது கேட்கப்படவில்லை.

கடைசிநேரம்
பிரித்துப் போட்டேன், 42 வந்துவிட்டது. அதற்கடுத்த வருடப் பழைய வினாத்தாளில் மூன்று அணிக் கணக்கு இருக்கிறது, அதுவும் விடைக்குறிப்போடு பொருந்தியது. எல்லோருக்கும் நன்றி, படிக்கப் போகிறேன்.

செண்பகம்
போவதற்கு முன் ஒன்று: அந்த மூன்று அணிக் கணக்கில் வீதம் எந்த அலகில் கொடுத்திருந்தார்கள்?

வண்டிமாடு
போய்விட்டார் போலிருக்கிறது. அளவுகோல், இரண்டு அணியும் ஒரே உள் கோப்பைப் பயன்படுத்தினால் அந்த 10 பாயிண்டை யார் கணக்கில் சேர்ப்பீர்கள்? நாங்கள் முதலில் கட்டுகிற அணிக்குக் கொடுக்கிறோம், ஆனால் அது எனக்கு இதுவரை நிம்மதி தரவில்லை.