டியூப் லைட்டும் டிவியும் ஒரே காட்சியில்: கறுப்புப் பட்டை போக வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். களுவாஞ்சிகுடியில் ஒரு டியூஷன் வகுப்பை வீடியோ எடுத்துக் கொடுக்கிறேன். கூரையில் பழைய சோக் வைத்த டியூப் லைட், ஆசிரியருக்குப் பின்னால் லெப்டொப்பில் இணைத்த பெரிய டிவி. இரண்டும் ஒன்றாகப் படத்தில் வருவதுதான் தலையிடி.

நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் செக்கனுக்கு 100 தரம் மங்கி எரிகிறது. 25 பிரேமில் ஷட்டரை 1/50 வைத்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு விழுகிறது, சுவரில் பட்டை இல்லை. ஆனால் லெப்டொப் டிவிக்கு 60 ஹேர்ட்ஸ் அனுப்புகிறது, அதனால் திரையில் கறுப்புப் பட்டை நகர்கிறது. ஷட்டரை 1/60 ஆக்கினால் திரை சுத்தம், சுவர் அலை அடிக்கிறது. இரண்டுக்கும் பொதுவாகப் பொருந்துவது 1/20 தான். அது 25 பிரேமில் நடக்காது.

லைட்டை அணைத்தால் பிள்ளைகள் எழுத முடியாது. ஆகவே டிவியையே 50 ஹேர்ட்ஸுக்கு இறக்க நினைத்தேன். டிவி 50ஐ ஏற்கும் என்று அதன் கையேட்டில் இருக்கிறது, ஆனால் லெப்டொப்பின் Refresh rate பட்டியலில் 60 மட்டுமே காட்டுகிறது. கேபிளா, கிராபிக்ஸ் டிரைவரா, எதை முதலில் பார்ப்பது? டிரைவரில் 50ஐ நாமே சேர்த்தவர்கள் யாரும் இருந்தால், எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.